ஸ்மாஷ் வருகிறது: தூக்குவதா, தடுப்பதா?

2023 ஏப்ரலில் ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில் நம் நாட்டு இரட்டையர் ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு கின்னஸ் சாதனை ஆனது. இந்தச் செய்தியைப் படிக்கும் எவருக்கும், இப்படி வரும் ஷட்டிலை எதிரில் நிற்பவர் எப்படித்தான் எடுக்கிறார் என்ற வியப்பு எழும்.

அந்த 565 என்பது ராக்கெட்டை விட்டு ஷட்டில் கிளம்பும் கணத்தின் வேகம். ஏறத்தாழ ஐந்து கிராம் எடையே உள்ள, 16 இறகுகள் விரிந்த ஷட்டிலைக் காற்று வெகு சீக்கிரம் பிடித்து இழுத்துவிடும். மணிக்கு 300 கிலோமீட்டரில் கிளம்பும் ஸ்மாஷ் ஒன்பது மீட்டர் தள்ளி நிற்பவரை அடையும்போது, அதன் வேகத்தில் கால் பங்குகூட மிஞ்சியிருக்காது. வந்து சேர ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நொடி ஆகும். கையை முழுதாகப் பின்னுக்கு வீசி அடிக்க இந்த நேரம் போதாது. ஆனால் ராக்கெட் சரியான இடத்தில் தயாராக இருந்தால், முகத்தைத் திருப்பி விரல்களை இறுக்க இது போதும். ஸ்மாஷை எடுக்கும் கலை முழுவதும் இந்தச் சிறு அவகாசத்துக்குள் நடப்பது.

அந்த அவகாசத்தில் ஆட்டக்காரர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். ஒன்று பிளாக்: வரும் ஷட்டிலின் வேகத்தை வாங்கிக்கொண்டு, நெட்டைத் தாண்டியதும் விழும்படி மெல்லத் திருப்பி விடுவது. மற்றொன்று லிஃப்ட்: ஷட்டிலை உயரத் தூக்கி எதிராளியின் கோர்ட்டின் கடைசிக் கோட்டருகே அனுப்புவது. எதைச் செய்வது என்று மனசுக்குள் முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு நிற்பவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். உண்மையில் ஷட்டில் உடம்புக்கு எவ்வளவு முன்னால் ராக்கெட்டில் படுகிறது என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது.

முழங்கை எங்கே இருக்கிறது?

ஸ்மாஷுக்குக் காத்திருக்கும் நிலையைப் பாருங்கள். கால்கள் தோள் அகலத்துக்கு மேல் விரிந்து, முட்டி மடங்கி, எடை முன்பாதத்தில் இருக்கும். ராக்கெட் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே, உடம்புக்கு முன்னால், பேக்ஹேண்ட் பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். மிக முக்கியமானது முழங்கை. அது விலாவோடு ஒட்டாமல் முன்னால் வந்திருக்க வேண்டும்.

முழங்கை முன்னால் இருந்தால் ராக்கெட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சிறு வெற்றிடம் கிடைக்கும். லிஃப்ட் அடிக்க அந்த இடம் தேவை. ராக்கெட் தலை ஒரு சாண் அளவு பின்னுக்கு வந்து பிறகு முன்னேற அங்கேதான் வழி இருக்கிறது. முழங்கை விலாவில் ஒட்டியிருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். அப்போது எவ்வளவு வலு உள்ளவரும் பிளாக் மட்டுமே செய்ய முடியும், அதுவும் அரைகுறையாக. ஷட்டிலை முன்னால் சந்திப்பவருக்கு இரண்டு வழியும் திறந்திருக்கும். உடம்போடு ஒட்டிச் சந்திப்பவருக்கு ஒன்றுதான் மிஞ்சும்.

ராக்கெட்டின் உயரமும் ஸ்மாஷைப் பொறுத்து மாறும். செங்குத்தாக இறங்கும் ஸ்மாஷுக்கு ராக்கெட்டைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். பின்கோட்டிலிருந்து தட்டையாக வருவதற்கு மார்பு வரை உயர்த்தலாம். எதுவானாலும் ராக்கெட் தலை தரையைப் பார்த்துத் தொங்கக் கூடாது. தொங்கினால் அதை மேலே கொண்டுவருவதற்குள் நேரம் தீர்ந்துவிடும்.

கட்டைவிரல் செய்யும் வேலை

ராக்கெட்டின் கைப்பிடிக்கு எட்டு பக்கங்கள். அவற்றில் அகலமான இரண்டு பக்கங்கள் ராக்கெட் முகத்துக்கு இணையாக இருக்கும். ஸ்மாஷ் நேராக உடம்பைப் பார்த்து வந்தால், கட்டைவிரலின் சதைப்பகுதி அந்த அகலப் பக்கத்தில் படிய வேண்டும். இதுதான் பேக்ஹேண்ட் கிரிப். கட்டைவிரல் பின்னாலிருந்து தாங்குவதால் ராக்கெட் முகம் அசையாமல் நேரே நிற்கும். ஷட்டில் இடப்பக்கம் சற்று விலகி வந்தால், கட்டைவிரலை அடுத்துள்ள சாய்வான விளிம்புக்கு நகர்த்திக்கொள்வார்கள். அகலப் பக்கத்திலேயே அழுத்திக்கொண்டு பக்கவாட்டில் கையை நீட்டினால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும், ராக்கெட் முகமும் வேறு திசைக்குத் திரும்பிவிடும்.

வலக்கைக்காரருக்கு வலப்பக்கம் வெகுதூரம் விலகி வரும் ஷட்டிலுக்கு மட்டுமே ஃபோர்ஹேண்ட் வேண்டும். வயிறு, மார்பு, ஏன் வலது இடுப்புக்கு வரும் ஸ்மாஷ்கூட பேக்ஹேண்டிலேயே எடுக்கப்படுகிறது. முழங்கையை வலப்பக்கம் வெளியே தள்ளிக் கொடுத்தால் ராக்கெட் உடம்புக்குக் குறுக்கே வந்து நிற்கும்.

பிடியின் இறுக்கத்தில்தான் பிளாக்கும் லிஃப்ட்டும் பிரிகின்றன. காத்திருக்கும்போது இரண்டுக்கும் பிடி தளர்வாகவே இருக்கும். உள்ளங்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். பிளாக் செய்பவர் ஷட்டில் படும் கணத்திலும் ஏறக்குறைய அதே தளர்வோடு இருக்கிறார். கட்டட வேலையில் கீழிருந்து வீசும் செங்கல்லை மேலே நிற்பவர் கையைச் சற்று விட்டுக்கொடுத்து வாங்குவாரே, அதே தன்மைதான் இது. ராக்கெட் முகம் கொஞ்சம் மேல்நோக்கித் திறந்திருக்கும், வீச்சு இருக்காது. நெட்டின் நடு உயரம் 1.524 மீட்டர். இடுப்பளவில் எடுக்கும் ஷட்டில் மேலேறித்தான் தாண்டியாக வேண்டும். எனவே எவ்வளவு தாழ எடுக்கிறோமோ அவ்வளவு முகத்தைத் திறக்க வேண்டும்.

லிஃப்ட்டுக்கும் தொடக்கம் அதே தளர்வுதான். பிறகு ராக்கெட் தலை சிறிது பின்வாங்கி, ஷட்டிலின் கீழே வந்து, முன்கை வெளிப்பக்கமாகச் சுழல, தொடும் கணத்தில் எல்லா விரல்களும் சட்டென்று இறுகும். கட்டைவிரல் முன்னே தள்ளும். அந்த இறுக்கம்தான் ஷட்டிலைப் பின்கோடு வரை அனுப்புகிறது. தோளிலிருந்து வீச முயன்றால் நேரம் போதாது. முதலிலிருந்தே இறுக்கிப் பிடித்திருந்தாலும் வலு வராது, ஏனெனில் இனி இறுக்குவதற்கு விரல்களில் மிச்சம் இல்லை.

இரட்டையர் ஆட்டத்தில் பலர் கைப்பிடியின் மேல்பகுதியைப் பிடிப்பதைக் காணலாம். அப்போது ராக்கெட் குட்டையாகி, முகத்தை வேகமாகத் திருப்ப முடிகிறது, பிளாக் துல்லியமாகிறது. அதற்கு விலை நெம்பும் தூரம் குறைவதுதான். லிஃப்ட்டுக்கு விரல்கள் கூடுதலாக உழைக்க வேண்டும், எட்டும் தூரமும் குறையும். ஒற்றையர் ஆட்டத்தில் ஓரக்கோட்டுக்குப் பாய்ந்து எடுக்க வேண்டியிருப்பதால் கைப்பிடியின் அடியைப் பிடிப்பதே வசதி.

ஒரு புள்ளி, இரண்டு முடிவு

இரட்டையர் ஆட்டம். நான்கு பேரும் வலக்கைக்காரர்கள். எதிராளி தன் வலது பின்மூலையிலிருந்து நேராக ஸ்மாஷ் அடிக்கிறார். அது நம் அணியில் இடப்பக்கம் நிற்பவரின் வலது இடுப்பைக் குறிவைத்து வருகிறது. ஸ்மாஷ் அடித்தவரின் துணை ஆட்டக்காரர் நெட்டருகே, கொஞ்சம் ஸ்மாஷ் வந்த பக்கமாகவே காத்திருக்கிறார்.

நம் ஆள் ஷட்டிலை நன்றாக முன்னால் சந்தித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது குறுக்கே, எதிராளியின் இடது பின்மூலைக்கு லிஃப்ட் செய்வது நல்ல முடிவு. ஸ்மாஷ் அடித்தவர் கோர்ட்டின் அகலம் முழுதும், அதாவது ஐந்தாறு மீட்டர், ஓட வேண்டும். ஓடிப் போய் பேக்ஹேண்ட் மூலையில் தலையைச் சுற்றி அடிக்க வேண்டியிருப்பதால் அடுத்த ஸ்மாஷ் வலு குறைந்துதான் வரும். இப்போது அது நேராக வந்தால் வலப்பக்கம் நிற்கும் துணைக்கு வரும். ஆகவே இடப்பக்கத்தவர் ஓர் அடி முன்னேறி நடுப்பக்கம் ஒதுங்கி நிற்பார்.

அதே ஷட்டில் உடம்பை ஒட்டி வந்துவிட்டால் தூக்க முயலக் கூடாது. நேரே, ஓரக்கோட்டை ஒட்டி, பிளாக் செய்ய வேண்டும். நெட்டருகே நிற்பவருக்கு நடுவில் விழும் பிளாக் விருந்து. ஓரத்தில் தாழ்ந்து விழுவது அவரைக் கீழிருந்து எடுக்க வைக்கும். பிளாக் செய்தவர் அங்கேயே நிற்காமல் அதைத் தொடர்ந்து நெட்டை நோக்கிச் செல்ல வேண்டும். எதிராளி தூக்கினால் நம் துணை ஆட்டக்காரர் அடுத்த ஸ்மாஷை அடிப்பார். தாக்குதல் கை மாறிவிட்டது.

ஒற்றையரில் நெட்டருகே காத்திருக்கத் துணை ஆட்டக்காரர் கிடையாது. எனவே அங்கே பிளாக்கின் மதிப்பு பல மடங்கு. பின்கோட்டிலிருந்து ஸ்மாஷ் அடித்தவர், அது நெட்டருகே குறுக்கே விழுந்தால் கோர்ட்டின் மூலைவிட்ட தூரத்தை ஓட வேண்டும். அடித்த கையோடு முன்னே பாய்ந்து வரும் எதிராளிக்கு மட்டும் லிஃப்ட் சரியான பதில். பெண்கள் இரட்டையரில் ஆழமான லிஃப்ட்டே ஒரு போர்முறை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பானின் மிசாகி மட்சுடோமோ - அயாகா தகாஹாஷி இணை நீண்ட தற்காப்பு ஆட்டத்துக்குப் பெயர் பெற்றது. டென்மார்க் இணைக்கு எதிரான இறுதிப் போட்டியில் மூன்றாவது செட்டில் 16-19 எனப் பின்தங்கி, தொடர்ந்து ஐந்து புள்ளிகள் எடுத்து அவர்கள் வென்றார்கள்.

தவறு எங்கே என்று ஷட்டிலே சொல்லும்

பிளாக் நெட்டுக்கு மேல் மிதந்து போகிறதா? பிடி இறுகிவிட்டது, அல்லது ராக்கெட்டை முன்னே தள்ளிவிட்டீர்கள். பிளாக் நெட்டில் மோதுகிறதா? ராக்கெட் தலை தொங்குகிறது, அல்லது ஷட்டிலை உடம்பின் பக்கவாட்டில் எடுத்திருக்கிறீர்கள். லிஃப்ட் பாதிக் கோர்ட்டில் விழுகிறதா? முழங்கை விலாவை ஒட்டியிருக்கிறது, அல்லது முதலிலிருந்தே கை இறுகியிருக்கிறது. பாதியில் விழும் லிஃப்ட்தான் மிக ஆபத்தானது. எதிராளி அதை நெட்டுக்கு அருகிலிருந்து செங்குத்தாக அடிப்பார், உங்களுக்குக் கிடைக்கும் நேரமும் குறையும்.

ஓர் அடி பின்னால் நின்றால் ஷட்டில் இன்னும் வேகம் இழந்து வரும், லிஃப்ட் செய்ய அவகாசம் கூடும். ஆனால் தாழ்ந்தும் வரும். பிளாக் கூடுதல் தூரம் போக வேண்டியிருப்பதால் அதற்குள் எதிராளி முன்னே வந்துவிடுவார். ஆகவே எங்கே நிற்பது என்பதும் எதை அதிகம் ஆட விரும்புகிறீர்கள் என்பதோடு பிணைந்தது.

இதைப் பழக ஒரு துணை போதும். அவர் எதிர்ப்பக்கத்தின் நடுவில் நின்று ஷட்டில்களை வரிசையாகக் கீழ்நோக்கி அடிக்கட்டும். முதலில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றால் மட்டும் ராக்கெட்டைப் பிடித்து பிளாக் செய்யுங்கள். தளர்ந்த பிடி என்றால் என்ன என்று கை கற்றுக்கொள்ளும். பிறகு எல்லா விரல்களாலும் பிடித்து, தொடும் கணத்தில் மட்டும் இறுக்கி லிஃப்ட் செய்யுங்கள். கடைசியாக இரண்டையும் கலந்து ஆடுங்கள். முன்னால் சந்தித்ததைத் தூக்குங்கள், உடம்போடு ஒட்டியதைத் தடுங்கள். அடுத்த முறை கோர்ட்டில் இறங்கும்போது, ஸ்மாஷைக் கண்டதும் முதலில் முழங்கை முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள்.