பணிக்கொடையைப் பாதுகாக்கும் காளான் குடில்

ஓய்வு பெற்றவர் பணிக்கொடையை எடுத்துக் கடை திறந்தால், வாடகையும் சரக்கும் முதலை விழுங்கிவிடும். சொந்த வீட்டுப் பின்புறத்தில் பத்துக்குப் பதினைந்து அடி நிழல் இருந்தால், சிறு முதலில் தொடங்க ஏற்றது சிப்பிக் காளான்.

வேலை கடினமானதல்ல, நிதானம்தான் வேண்டும். அந்த ஆண்டு அறுத்த, மழையில் நனையாத வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, கொதிநீரில் ஒரு மணி நேரம் வேகவிட வேண்டும். நிழலில் ஆறவைத்து, ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். கையில் ஈரம் தெரிய வேண்டும், நீர் சொட்டக் கூடாது. இதை நீளமான பாலித்தீன் பையில் அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கின் ஓரத்திலும் காளான் வித்தைத் தூவி, வாயைக் கட்டிச் சில துளைகள் இட்டால் ஒரு படுக்கை தயார்.

உறியில் தொங்கும் படுக்கை பதினைந்து, இருபது நாளில் முழுக்க வெள்ளைப் பூசணமாகும். பிறகு பையைக் கிழித்து, கூரையும் தரையும் ஈரமாக இருக்கும்படி தண்ணீர் தெளித்துவந்தால் மொட்டு வரும். மொத்தம் ஒன்றரை மாதத்தில் மூன்று பறிப்பு கிடைக்கும்.

படுக்கையில் பச்சைத் திட்டு தெரிந்தால் வைக்கோல் சரியாக வேகவில்லை, அல்லது ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். அந்தப் படுக்கையை உடனே அப்புறப்படுத்த வேண்டும். விட்டால் பக்கத்துப் படுக்கைகளுக்கும் பரவும். காளான் வித்துத்தூள் சிலருக்கு இருமல், மூச்சிரைப்பு தரும். குடிலுக்குள் முகக்கவசம் அவசியம். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

விளைவிப்பதைவிட விற்பதுதான் கடினம். பறித்த காளான் வெளியில் ஒரு நாளும், குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாளும்தான் தாங்கும். எனவே ஒரே நாளில் நூறு படுக்கை போடாமல், தினமும் இரண்டு போடுங்கள். படுக்கைக்கு ஒரு கிலோ உலர்ந்த வைக்கோல் என்றால், மூன்று பறிப்பிலும் சேர்த்து முக்கால் கிலோ கிடைக்கலாம். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு சராசரியாக நாளுக்கு ஒன்றரைக் கிலோ, அதாவது 200 கிராம் பொட்டலம் ஏழு. பொட்டலம் 40 ரூபாய்க்குப் போனால் வரவு 280. வித்து, வைக்கோல், பை, விறகுக்கு 100 ரூபாய் என்று வைத்தால், மிச்சம் 180; மாதத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம். கூலிக்கு ஆள் வைத்தால் இந்தக் கணக்கு உதைக்கும். கத்திரி வெயிலில் விளைச்சல் குறைவதால், அந்த மாதங்களை வருமானத்தில் சேர்க்காதீர்கள்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலோ, உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ முதலில் பயிற்சி பெறுங்கள். பிறகு பத்துப் படுக்கையோடு தொடங்கி, அந்தக் காளானை வாங்க ஏழு வீடுகளைப் பிடியுங்கள். அந்த வீடுகள் மறுபடியும் கேட்டால் மட்டும் குடிலைப் பெரிதாக்குங்கள்.