மொட்டைமாடி ஜலமும் கொல்லைக் கிணறும்



2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது, நம் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அத்தனை ஜலமும் ஓடையோடு போனபின், அடுத்த சித்திரையிலேயே நம் தெருவில் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் காத்திருந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அக்காட்சியே இந்தப் பிரேரணையை நம் தெருவாசிகள் சங்கத்தின் முன் வைக்கும்படி என்னைத் தூண்டியது.

நான் வேண்டுவது ஒன்றே: குப்பைத் தொட்டியாகிவிட்ட நம் கொல்லைக் கிணறுகளைத் தூர் வாரி, மொட்டைமாடி மழைநீரை வடிகட்டி அவற்றில் விடவேண்டும். போர்வெல்லில் விடலாமே என்று சிலர் கேட்பார்கள். செஞ்சிச் சீமையைச் சேர்ந்த நம் நிலத்தில் மேலே சிதைந்த சரளை மண்ணும், அதற்குக் கீழே கெட்டிப் பாறையும் இருக்கின்றன. பாறைக்குள் ஜலம் நடமாடுவது மெல்லிய வெடிப்புகளின் வழியே மாத்திரம். கலங்கல் நீர் அவ்வெடிப்புகளில் ஒருமுறை வண்டலை அடைத்துவிட்டால் அதை எடுப்பது மிகக் கடினம். கிணற்றில் படியும் வண்டலையோ ஆள் இறங்கி வாரிவிடலாம்.

கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் ஜலம். ஆயிரம் சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஆண்டு மழையை 1000 மில்லிமீட்டர் என்று வைத்து, ஆவியாவதும் சிதறுவதுமாக ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினால், ஏறத்தாழ 74,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் ஆறு நடை, நம் கிணற்றுக்கு வரும்.

மாடியிலிருந்து இறங்கும் நாலங்குலக் குழாய்களை ஒன்றுசேர்த்து, கிணற்றருகே மூன்றடி நீள, அகல, ஆழத்தில் கட்டிய செங்கல் தொட்டியில் விடவேண்டும். தொட்டியில் அடியில் ஓரடி பெருஜல்லி, மேலே அரையடி சிறுஜல்லி, பின் நைலான் வலை, அதன்மேல் ஓரடி கரடு மணல். எஞ்சிய அரையடி வெற்றிடம். தொட்டியின் அடியிலிருந்து கிணற்றுக்குப் போகும் குழாயின் முனை, பக்கச் சுவரை அரிக்காதபடி கீழ்நோக்கி வளைந்திருக்கட்டும். பருவத்தின் முதல் மழையை வெளியே தள்ள ஒரு மூடியும், மிகுநீர் வழிய ஒரு குழாயும் அவசியம். கழிவுத் தொட்டி ஓரமாக இருக்கும் கிணற்றில் இம்முயற்சியே கூடாது. இந்நீரைக் காய்ச்சாமல் குடிக்கவும் கூடாது.

குழாய், தொட்டி, கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு 12,000 முதல் 18,000 ரூபாய் ஆகலாம் என்பது என் உத்தேசம். தூர் வாரும் கூலி தனி. நம்மூர்க் கொத்தனார் இருவரிடம் விலை கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும்.

பராமரிப்பில்தான் இத்தகைய அமைப்புகள் தோற்கின்றன. 2003-ல் மழைநீர் சேகரிப்புக்கு அரசு கெடு வைத்தபோது கட்டிய பல வீடுகளில், குழாய் பிடுங்கப்பட்டு, தொட்டி செடிகளுக்கு இடமாகிவிட்டதை நாம் அறிவோம். புரட்டாசியில் மாடியைப் பெருக்கி, மணலின் மேல் இரண்டங்குலத்தைச் சுரண்டிக் கழுவிப் போடவேண்டும். சாதாரண மழைக்கே தொட்டி வழிந்தால் மணல் அடைத்திருக்கிறதென்று பொருள். ஐப்பசியில் கிணறு தானே நிரம்பியிருந்தால் அது மேலும் வாங்காது; அது பழுதன்று.

பயன் கிட்டியதா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. மாதம் முதல் தேதியில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, குழாய் இணைத்த கிணற்றையும் இணைக்காத கிணற்றையும் ஒப்பிடுங்கள். அப்போது நல்ல மழை ஆண்டின் ஏற்றத்தை நம் தொட்டியின் ஏற்றமென்று எண்ணி ஏமாறமாட்டோம். பாறை வெடிப்பின் ஜலம் வேலிக்குக் கட்டுப்படாதாகையால், ஒருவர் விட்டது அடுத்த வீட்டுக் கிணற்றில் ஊறவும் கூடும். சங்கத்தின் முன் இதைக் கொண்டுவந்த காரணமும் அதுதான்.

சட்டமும் நம் பக்கம் உண்டு. 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் மழைநீர் சேகரிக்கும் கடமையைக் கட்டட உரிமையாளர் அல்லது குடியிருப்பவர் மேல் சுமத்தியது. அவர் செய்யத் தவறினால் உள்ளாட்சி அமைப்பே செய்து, செலவைச் சொத்துவரி போல் வசூலிக்கலாம், குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம் என்று அது விதித்தது.  அரசுக் கட்டடங்களும் அக்கடமைக்கு உட்பட்டவையே. நம் பேரூராட்சியிலுள்ள அரசுக் கட்டடங்களின் நிலையை, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு எழுதிக் கேட்டால், 30 நாட்களில் பதில் தரவேண்டும். அதில் குறை தெரிந்தால் திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்.

வரும் ஞாயிறு காலை, ஒரு கயிறும் ஒரு நோட்டுப் புத்தகமுமாக, நம் தெருக் கிணறுகளை முதலில் அளந்துவிடலாமென்று முன்மொழிகிறேன்.