சேலை விற்றாயிற்று, கையில் எவ்வளவு?

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் சேலை, மசாலா, மரப்பொம்மை என்று விற்பவர்களுக்கு ஓரளவு வியாபாரம் பிடித்ததும் ஒரு குழப்பம் வரும். பேமெண்ட் லிங்க் அனுப்பியே காலத்தை ஓட்டுவதா, சொந்த வெப்சைட் போட்டு கேட்வே வைப்பதா, இல்லை அமேசான், மீஷோ பக்கம் போய்விடுவதா? பெரும்பாலும் எதில் கமிஷன் குறைவு என்று விசாரித்து முடிவெடுக்கிறார்கள். கமிஷனுக்குப் பிறகு வருவோம். லிங்க்கும் கேட்வேயும் ஒரே கம்பெனி தருபவைதான் என்பது முதலில் தெரிய வேண்டும்.

ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ, பேயூ போன்றவை வாடிக்கையாளரிடம் பணத்தை வாங்கி, தங்கள் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, மீதியை உங்கள் வங்கிக் கணக்கில் போடுகின்றன. ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு உட்பட்ட தொழில் இது. அவற்றில் ஒன்றில் கணக்குத் தொடங்கினால் லிங்க், கேட்வே இரண்டுமே கிடைக்கும். லிங்க் என்றால் நீங்களே போனில் தொகை, வாங்குபவரின் பெயர், ஆர்டர் எண் எல்லாம் அடித்து அனுப்புகிறீர்கள். கேட்வே என்றால் அதே வேலையை உங்கள் வெப்சைட் தானாகச் செய்கிறது. கட்டணம் இரண்டுக்கும் சுமார் 2 சதவீதம். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பணம் வந்து சேர ஒன்று அல்லது இரண்டு வேலை நாட்கள் ஆகும்.

“யுபிஐக்குக் கட்டணமே கிடையாது என்கிறார்களே?” என்று கேட்பீர்கள். 2020 ஜனவரியிலிருந்து வங்கிகள் யுபிஐ பணத்துக்கு வியாபாரியிடம் எம்டிஆர் கட்டணம் வாங்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் நடுவில் நிற்கும் இந்தக் கம்பெனிகள் தங்கள் சேவைக்கென்று தனியாக வாங்குகின்றன. சேருவதற்கு முன்பே யுபிஐக்கு எவ்வளவு, கிரெடிட் கார்டுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டுவிடுங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் பொதுவாக இந்தக் கட்டணம் திரும்பி வராது. அதையும் கேட்டு வையுங்கள்.

அப்படியானால் சும்மா கியூஆர் கோடு அனுப்பினால் போதாதா? வாரத்துக்கு நாலைந்து ஆர்டர் என்றால் தாராளமாகப் போதும். சிக்கல் எண்ணிக்கை ஏறும்போது வரும். ஒரே விலையில் பத்து சேலை படம் போட்டிருக்கிறீர்கள். இரவு ஒன்பது மணிக்கு ஐந்து பேரிடமிருந்து ஒரே தொகை வருகிறது. வாட்ஸ்அப்பில் கேட்டவர் அனிதா, பணம் வந்ததோ அவர் கணவர் பெயரில். யாருக்கு எந்தச் சேலை என்று உட்கார்ந்து ஜோடி சேர்க்க வேண்டும். அதற்குள் ஆறாவதாக ஒருவர் பணம் போடாமலேயே போலி ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருப்பார். வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்க்காமல், ஸ்கிரீன்ஷாட்டை நம்பி பார்சல் கட்டவே கூடாது. லிங்க் அனுப்பினால் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி எண் இருக்கும். பணம் வந்ததும் அந்த எண்ணுக்கு எதிரே `Paid` என்று மாறும். நேற்று ஒதுக்கி வைத்த சேலைக்கு நாளைக்கு வந்து பணம் போடாதபடி லிங்க்குக்குக் காலக்கெடுவும் வைக்கலாம். நீங்கள் கொடுக்கும் 2 சதவீதம் முக்கியமாக இந்தக் கணக்குப்பிள்ளை வேலைக்குத்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை ஒன்று, கொள்முதல் 520 ரூபாய், கூரியரோடு சேர்த்து விற்கும் விலை 860 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சேலைக்கான ஜிஎஸ்டியை இரண்டு பக்கமும் விட்டுவிடுவோம்.

லிங்க்கில் விற்றால் 860-க்கு 2 சதவீதம் 17.20, அதன் மேல் வரி 3.10. ஆக 20.30 ரூபாய் போகிறது. கூரியர் 60, கவரும் டேப்பும் 15. கொள்முதலையும் கழித்தால் கையில் சுமார் 244 ரூபாய் நிற்கும்.

அதே சேலையை அதே விலைக்கு மார்க்கெட்பிளேஸில் போடுகிறீர்கள். அங்கே கட்டணம் ஒரே பெயரில் வராது. விலையில் இத்தனை சதவீதம் என்று கமிஷன், ஆர்டருக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான கட்டணம், எடைக்கும் தூரத்துக்கும் ஏற்ப ஷிப்பிங், எல்லாவற்றின் மேலும் 18 சதவீத வரி. தளத்துக்குத் தளம், பொருளுக்குப் பொருள் இது மாறும். மீஷோவில் கமிஷனே இல்லை. மற்ற தளங்களும் குறைந்த விலைப் பொருட்களுக்குக் கமிஷனை எடுத்துவிடுகின்றன. ஆனால் ஷிப்பிங்கும் விளம்பரமும் அங்கேயும் உண்டு. உதாரணத்துக்குக் கமிஷன் 10 சதவீதம், நிலையான கட்டணம் 30, ஷிப்பிங் 75 என்று வைத்தால், 86, 30, 75 சேர்ந்து 191. வரியோடு 225 ரூபாய். பேக்கிங்கையும் கொள்முதலையும் கழித்தால் கையில் நிற்பது சுமார் 100 ரூபாய்.

பலர் இந்த இடத்தோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் துணிமணி விற்பவரின் லாபம் கரைவது ரிட்டர்னில்தான். பத்து சேலை அனுப்பி இரண்டு திரும்பி வந்தால், அந்த இரண்டுக்கும் போக, வர ஷிப்பிங் உங்கள் தலையில் விழலாம். நம் உதாரணப்படி ஒவ்வொன்றுக்கும் வரியோடு 177, வீணான பேக்கிங் 15, ஆக 192. இரண்டுக்கும் 384. விற்ற எட்டு சேலையில் கிடைத்த 797 ரூபாயிலிருந்து இதைக் கழித்தால் மிச்சம் 413. அனுப்பிய பத்து பார்சலால் வகுத்தால் தலைக்கு 41 ரூபாய். திரும்பி வந்த சேலை மடிப்புக் கலைந்தோ, அழுக்காகவோ, சில சமயம் வேறு சேலையாகவோ இருந்தால் அது தனி நஷ்டம்.

அப்படியானால் மார்க்கெட்பிளேஸ் மோசமா? இல்லை. 244-க்கும் 41-க்கும் இடையில் உள்ள சுமார் 200 ரூபாய், ஆளைக் கூட்டி வந்ததற்கான கூலி. லிங்க் ஆளைக் கொண்டுவராது. அந்த 244-ஐப் பெற நீங்கள் ரீல்ஸ் போடுகிறீர்கள், விளம்பரத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள், “இந்த கலர் இருக்கா அக்கா?” என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் எழுதுகிறீர்கள். ஒரு மாத விளம்பரச் செலவை அந்த மாதம் விற்ற சேலைகளால் வகுத்துப் பாருங்கள். ஒரு சேலைக்கு 200 ரூபாய்க்கு மேல் போகிறது என்றால், மார்க்கெட்பிளேஸுக்குக் கொடுப்பதுதான் மலிவு. 50, 60 ரூபாயில் முடிகிறது, பழைய வாடிக்கையாளர்களே திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள் என்றால், அங்கே போய் அந்த லாபத்தை இழக்கத் தேவையில்லை. வாடிக்கையாளர் அங்கே தளத்துக்குச் சொந்தம், உங்களுக்கு அல்ல. பார்சலுக்குள் உங்கள் வாட்ஸ்அப் எண்ணை அச்சிட்டு வைப்பதுகூட அங்கே பொதுவாக விதிமீறல்தான்.

யாரிடம் வேண்டுமானாலும் கிடைக்கும் பொருளுக்கு, அதாவது போன் கவர், சமையலறைச் சாமான் போன்றவற்றுக்கு, மார்க்கெட்பிளேஸ்தான் சரி. பெயர் சொல்லித் தேடி வரும் பொருளுக்கு லிங்க் சரி. இது என் கட்சி.

லிங்க்கிலிருந்து சொந்த வெப்சைட்டுக்கு எப்போது மாறுவது? லாபம் பார்த்து அல்ல, நேரம் பார்த்து. விசாரிப்பு, விலை, முகவரி, லிங்க் என்று ஒரு ஆர்டரைச் சாட்டில் முடிக்க இருபது நிமிடம் ஆனால், தினம் பத்து ஆர்டருக்கு மூன்று மணி நேரம் போய்விடும். அந்தக் கட்டத்தில் வெப்சைட்டின் மாதச் செலவு நியாயமாகிவிடுகிறது. கேட்வே கணக்கைத் திறக்கும் முன் தளத்தில் விதிமுறைகள், தனியுரிமை, ரிட்டர்ன், டெலிவரி, தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பான் கார்டில் உள்ள பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் பொருந்த வேண்டும். கடைப் பெயரில் பான், மனைவி பெயரில் வங்கிக் கணக்கு என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

வெப்சைட் ஓடத் தொடங்கியதும் வரும் தொல்லை ஒன்றையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் யுபிஐ ஆப்பில் பணம் போடுகிறார். திரும்பி உங்கள் பக்கத்துக்கு வருவதற்குள் போனை மூடிவிடுகிறார். பணம் போய்விட்டது, வெப்சைட்டில் ஆர்டர் இல்லை. “பணம் எடுத்துட்டீங்க, சேலை எங்கே?” என்று மறுநாள் கமெண்டில் வந்து நிற்பார். இதற்குத்தான் வெப்ஹூக் என்ற ஏற்பாடு இருக்கிறது: வாடிக்கையாளர் திரும்பி வராவிட்டாலும், பணம் வந்த செய்தியைக் கேட்வே நேராக உங்கள் வெப்சைட்டுக்குச் சொல்லிவிடும். தளம் செய்து தருபவரிடம் “வெப்ஹூக் போட்டாயிற்றா?” என்று கேட்டு, ஒரு ரூபாய்க்கு ஆர்டர் போட்டு, பணம் கட்டியதும் போனை மூடிச் சோதித்துப் பாருங்கள். ரேஸர்பே போன்றவற்றின் டேஷ்போர்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். `Authorized` என்று இருந்தால் பணம் இன்னும் உங்களுடையது அல்ல. `Captured` என்று மாற வேண்டும். மாறாமல் கிடந்தால் சில நாளில் அது வாடிக்கையாளருக்கே திரும்பிவிடும். தானாக மாறும்படி செட்டிங்கில் வைத்துவிடுவது நல்லது.

கடைசியாக ஜிஎஸ்டி. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்பது பலருக்குத் தெரியும். அது தமிழ்நாட்டுக்குள் விற்றால்தான். பெங்களூருக்கு ஒரு சேலை அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை. அதற்குப் பொதுவாகத் தொகை எவ்வளவானாலும் பதிவு கட்டாயம். பணம் லிங்க்கில் வந்ததா, வெப்சைட்டில் வந்ததா என்பதெல்லாம் கணக்கில் இல்லை. சில கைவினைப் பொருட்களுக்குச் சலுகை உண்டு. உங்கள் பொருள் அதில் வருமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். மார்க்கெட்பிளேஸில் விற்க முன்பு எல்லோருக்கும் பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் முதல், வரம்புக்குள் இருக்கும் சிறு வியாபாரிகள் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கி, சொந்த மாநிலத்துக்குள் விற்கலாம். பதிவு பெற்றவர்களிடம் தளம் பிடிக்கும் 0.5 சதவீத டிசிஎஸ் நஷ்டம் அல்ல. உங்கள் ஜிஎஸ்டி கணக்கில் வரவாக ஏறும். அதை எடுத்துக்கொள்ள மறந்தால்தான் நஷ்டம்.

ஏற்கெனவே மார்க்கெட்பிளேஸில் விற்பவர்கள் போன மாத செட்டில்மெண்ட் அறிக்கையை இறக்கி, வங்கிக்கு வந்த மொத்தத் தொகையிலிருந்து விற்ற பொருட்களின் கொள்முதலையும் பேக்கிங் செலவையும் கழித்து, மிச்சத்தை அனுப்பிய பார்சல்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். விற்ற எண்ணிக்கையால் அல்ல, அனுப்பிய எண்ணிக்கையால்.