முதல் நாளில் எழுத வேண்டிய ஒரு பக்கம்

மருந்துக்கடைக்கு பில்லிங் மென்பொருள் செய்த ஆறு பேர் குழுவில் நானும் இருந்தேன். கடைக்காரர் கேட்ட வரி மாற்றத்தை ஒருவர் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் போட்டார். இருவர் பார்க்கவில்லை. பழைய கணக்கிலேயே நான்கு நாள் வேலை ஓடியது.

அடுத்த திட்டத்தில், முதல் நாளே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து குழு ஒப்பந்தம் எழுதினோம். ஒரே பக்கம். "மாற்றம் எதுவானாலும் பொதுக் கோப்பில் ஏறினால்தான் அது முடிவு. அவசரமென்றால் போன், மற்றதற்கு அடுத்த வேலை நாளுக்குள் பதில்." பொறுப்புகளில்தான் அதிக நேரம் போனது. 'வடிவமைப்பை இருவரும் பார்த்துக்கொள்வார்கள்' என்று முதலில் எழுதி, அடித்தோம். கருத்து யாரும் சொல்லலாம். கடைசிச் சொல் ஒருவருக்கே என்று அவர் பெயரை எழுதினோம்.

"ஒருவரையொருவர் மதிப்போம்" போன்ற வரிகள் வேண்டாம். மீறினால் கண்டுபிடிக்க முடியாத விதி, என் பார்வையில், விதியே அல்ல. தலைவர் தனியாக எழுதி அனுப்பும் ஒப்பந்தத்தையும் யாரும் திறப்பதில்லை. எல்லோரும் சேர்ந்தே எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி படித்து, யாரும் பின்பற்றாத வரியைத் திருத்துங்கள், இல்லையேல் நீக்கிவிடுங்கள்.