உஷார்! அடுப்படியில் கிடக்கும் கறிக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோழிக்கறி வாங்குகிறீர்கள். வழியில் காய்கறி, மளிகை, கொஞ்சம் பேச்சு. வீட்டுக்கு வந்ததும் கறிப்பை சிங்க் ஓரத்தில் கிடக்கிறது. அது அடுப்பில் ஏறும்போது மணி பன்னிரண்டு. வெளியே மே மாத வெயில், சமையலறைக்குள் 35 டிகிரி. பல வீடுகளில் இதுதான் வழக்கம். அந்த நான்கு மணி நேரத்தில் பைக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

கறியில் கிருமி இருப்பது இயல்பு. ஒரு கிராமுக்கு 1,000 பாக்டீரியா என்று வைத்துக்கொள்வோம். ஈரமும் சத்தும் வெதுவெதுப்பும் ஒருசேரக் கிடைத்தால் ஒவ்வொன்றும் சுமார் 20 நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு மணி நேரத்தில் 8,000. இரண்டு மணி நேரத்தில் 64,000. நான்கு மணி நேரத்தில் சுமார் 41 லட்சம்! ஆரம்பத்தில் கிருமி சூழலுக்குப் பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும். எல்லாக் கிருமியும் இதே வேகத்தில் பெருகாது. ஆனால் ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் அடுத்து வரும் ஒவ்வொரு அரை மணி நேரமும் பேராபத்துதான்.

முகர்ந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். நாற்றமும் பிசுபிசுப்பும் பெரும்பாலும் கறியைக் கெடுக்கும் வேறு வகைக் கிருமிகளின் வேலை. வயிற்றைப் புரட்டிப்போடும் சால்மொனெல்லா நிறமோ மணமோ மாறாத கறியிலும் இருக்கும்.

“நன்றாகக் கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடுமே?” என்பீர்கள். சால்மொனெல்லா சாகும். ஆனால் நம் கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவில் ஒட்டும் ஸ்டஃபைலோகாக்கஸ், வெதுவெதுப்பில் பெருகும்போது ஒரு நச்சைக் கக்கும். கிருமியைக் கொல்லும் கொதி அந்த நச்சை அழிக்காது. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி பிடித்து ஆட்டும்.

சமைத்த பிறகும் நிம்மதி இல்லை. மட்டன் குழம்பும் பிரியாணியும் பெரிய பாத்திரத்தில் மூடிவைத்தபடி மெதுவாக ஆறும். அதற்காகவே காத்திருப்பது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். இதன் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. குழம்பு 50 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் முளைத்துப் பெருகத் தொடங்கும். 45 டிகிரியை ஒட்டி இது 10 நிமிடத்துக்குள்கூட இரட்டிப்பாகும். மதியக் குழம்பை ராத்திரி வரை அடுப்பு மேலேயே விட்டுவிட்டு, லேசாகச் சூடுகாட்டிப் பரிமாறினால் வயிற்றுப்போக்குக்கு வழி திறந்துவிட்டோம் என்று அர்த்தம்.

5 டிகிரி முதல் 60 டிகிரி வரை ஆபத்தான எல்லை. கறியோ குழம்போ இதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரே மணி நேரம்தான். நம் ஊர்க் கோடைக்கு இந்த ஒரு மணிக் கணக்குதான் பொருந்தும். கறியைக் கடைசியாக வாங்குங்கள், நேரே வீட்டுக்கு வாருங்கள். மீந்த குழம்பை இரண்டு அங்குல ஆழத்துக்கு மிகாத சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். அண்டாவோடு உள்ளே தள்ளினால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

சரி, அந்த ஃபிரிட்ஜாவது போதிய குளிராக இருக்கிறதா? உள்ளே 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஃப்ரீசரில் மைனஸ் 18. ஃபிரிட்ஜில் உள்ள திருகில் 1 முதல் 7 வரை எண்கள் இருக்கும். அவை டிகிரி அல்ல! பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் எண் கூடக் கூடக் குளிர் கூடும். ‘4’இல் வைத்தால் 4 டிகிரி என்று நினைத்து 9, 10 டிகிரியில் கறியை வைத்திருக்கும் வீடுகள் உண்டு. ஃபிரிட்ஜுக்கான சின்ன வெப்பமானி ஒன்று வாங்குங்கள். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் பாருங்கள். 4க்கு மேல் காட்டினால் திருகை ஓர் எண் கூட்டி, மறுநாள் மீண்டும் பாருங்கள். கதவுத் தட்டு எப்போதும் சூடு கூடிய இடம். அங்கே கறி வேண்டாம். பச்சைக் கறியை மூடிபோட்ட டப்பாவில் கீழ்த்தட்டில் வையுங்கள்.

4 டிகிரியில் கிருமி சாவதில்லை, பெருக்கம்தான் மந்தமாகிறது. லிஸ்டீரியா அந்தக் குளிரிலும் மெல்ல வளரும். கர்ப்பிணிகளுக்கு அது பெரிய ஆபத்து. அதனால் பச்சைக் கோழிக்கறியை ஃபிரிட்ஜில் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். தள்ளிப்போகும் என்றால் முதல் நாளே ஃப்ரீசர். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடிய ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம்தான் குளிரைத் தாங்கும். அதற்கு மேல் கரண்ட் வரவில்லை என்றால், உள்ளே இருந்த கறியையும் குழம்பையும் ருசிகூடப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.