47-க்குப் பின்னால் ஒளிந்திருந்த 16 மதிப்பெண்

ஓசூரில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளின் மதிப்பெண் அட்டை. கீழே அம்மாவின் குரல் பதிவு: "எல்லாத்துலயும் குறைஞ்சிருக்குங்க, நீங்களே அவகிட்ட பேசுங்க." காலாண்டில் மொத்தம் 343, அரையாண்டில் 327. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்துவிட்டுப் பேசினால் பேச்சு திட்டில்தான் முடியும். அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு அதே அட்டையை நிதானமாகப் படித்துப் பார்ப்போம்.

முதலில் படம். நான்காய் மடித்த அட்டையை டியூப்லைட்டுக்குக் கீழே வைத்து எடுத்திருக்கிறார்கள். காலாண்டு அறிவியல் மதிப்பெண் மேல் வெளிச்சம் விழுந்து, அது 63-ஆ 68-ஆ என்று தெரியவில்லை. மற்ற நான்கு பாடங்களையும் கூட்டினால் 280. மொத்தம் 343 என்று எழுதியிருப்பதால் அறிவியல் 63. ஓர் எண் மட்டும் மங்கியிருந்தால் இந்தக் கழித்தல் போதும். இரண்டு மங்கியிருந்தாலோ, கழித்து வரும் விடை மங்கலாகத் தெரியும் எண்ணோடு பொருந்தாவிட்டாலோ வேறு படம் கேட்க வேண்டும். இந்தப் படத்தில் வலது ஓரமும் வெட்டுப்பட்டிருந்தது. அங்கேதான் வருகைப் பதிவு இருக்கும். அது தெரியாமல் மதிப்பெண்ணைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக்கூடாது. பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல், நான்கு ஓரமும் தெரிய இன்னொரு படம் வந்தது. விடுப்பு அதிகமில்லை. அந்தச் சந்தேகம் நீங்கியது.

அடுத்து, இடைப்பருவத் தேர்வுகள் இந்தப் பள்ளியில் 50 மதிப்பெண்ணுக்கு. காலாண்டும் அரையாண்டும் 100-க்கு. அவற்றை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. இடைப்பருவ மதிப்பெண்ணை இரட்டித்துவிட்டுப் பாடம் பாடமாகப் படித்தால், கணக்குப் பாடம் இப்படிப் போகிறது: முதல் இடைப்பருவத்தில் 72, காலாண்டில் 58, இரண்டாம் இடைப்பருவத்தில் 70, அரையாண்டில் 47. இறங்கி, ஏறி, மறுபடி இறங்குகிறது. பாடம் புரியாத பிள்ளையாக இருந்தால் சின்னத் தேர்விலும் விழுந்திருப்பாள். இவள் ஒன்றிரண்டு பாடங்களுக்கான சின்னத் தேர்வில் நன்றாக எழுதுகிறாள். பெரிய வினாத்தாளைக் கையில் கொடுத்தால் சறுக்குகிறாள்.

அறிவியலின் போக்கு வேறு. 68, 63, 60, 59 என்று சின்னத் தேர்வு, பெரிய தேர்வு என்ற வித்தியாசமில்லாமல் மெல்ல இறங்கிக்கொண்டே வருகிறது. புதுப் பாடங்கள் பிடிபடவில்லை என்பதற்கான அறிகுறி இது. அறிவியல் ஆசிரியரிடம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். தமிழும் சமூக அறிவியலும் அரையாண்டில் ஒவ்வொரு மதிப்பெண் கூடியிருக்கின்றன. ஆங்கிலத்தில் 3, அறிவியலில் 4, கணக்கில் 11 குறைந்திருக்கிறது. மொத்தத்தில் குறைந்த 16-ல் பெரும்பகுதி கணக்கில்தான் போயிருக்கிறது. "எல்லாத்துலயும்" என்று அம்மா சொன்னது சரியில்லை.

இப்போது ஆசிரியர் குறிப்பு. காலாண்டுக் கட்டத்தில் "நன்று. இன்னும் முயற்சி தேவை" என்று இருக்கிறது. இதில் தேடி எடுக்க ஒன்றுமில்லை. ஒரு வகுப்பின் அட்டைகள் முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும்போது, மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துப் பல ஆசிரியர்களும் போடுகிற வரி அது. அரையாண்டுக் கட்டத்தில் இருப்பதோ அந்தப் பிள்ளைக்கென்றே எழுதியது: "வகுப்பில் ஆர்வமாகப் பதில் சொல்கிறாள். தேர்வில் முழுமையாக எழுதுவதில்லை." ஒரு குறிப்பு நம் பிள்ளைக்கானதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அதை வகுப்பில் வேறு எந்தப் பிள்ளையின் அட்டையில் ஒட்டினாலும் பொருந்துமென்றால் அது பொது வரி. பொருந்தாதென்றால் உட்கார்ந்து படிக்க வேண்டிய வரி. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குறிப்பை எழுதியவர் வகுப்பாசிரியர். இங்கே அவர் தமிழ் ஆசிரியர். கணக்கைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, கணக்கு ஆசிரியர் சொல்லிக் கேட்டதாக இருக்கலாம். அதனால் குறிப்பை மதிப்பெண்ணோடு ஒத்துப் பார்த்தோம். இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டின: பெரிய தேர்வு, முடிக்காத விடைத்தாள்.

இதற்கு மேல் அட்டையால் சொல்ல முடியாது. கணக்கு விடைத்தாளைத்தான் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் அமைப்பையே இந்தப் பள்ளி ஒன்பதிலும் பின்பற்றுகிறது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, கடைசியில் வடிவியலும் வரைபடமும் தலா 8. அம்மா பள்ளிக்குப் போய்ப் பார்த்தபோது முதல் பகுதியில் 12, இரண்டாவதில் 15, மூன்றாவதில் 20, கடைசிப் பகுதியில் 0. ஓர் ஐந்து மதிப்பெண் கணக்கு இரண்டு முறை அடிக்கப்பட்டு மூன்றாம் முறையாக எழுதப்பட்டிருந்தது. நூலால் கட்டியிருந்த வரைபடத்தாளில் இரண்டு அச்சுகளைத் தவிர வேறெதுவும் இல்லை. கேட்டதற்கு மகள் சொன்னது: "நேரம் போதலம்மா."

கடைசிப் பகுதியின் 16 மதிப்பெண் முழுவதும் அப்படியே போயிருக்கிறது. நடுக்கோட்டு மையம், செங்கோட்டு மையம், உள்வட்ட மையம், சுற்றுவட்ட மையம் என்று ஒன்பதாம் வகுப்பில் வரைகிற உருவங்கள் எண்ணி நாலைந்துதான். "நல்லா படி" என்று சொல்வதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் மாலை ஓர் உருவமோ வரைபடமோ, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு 15 நிமிடத்தில் முடிப்பது என்று முடிவானது. அம்மாவுக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. உதவிப்படம் போட்டிருக்கிறாளா, அளவுகளைக் குறித்திருக்கிறாளா, வில்கள் அழியாமல் தெரிகின்றனவா, வரைமுறை எழுதியிருக்கிறாளா என்று பார்த்தால் போதும். அரைகுறையாக வரைந்தாலும் செய்த படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்பதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். கைக்கு வந்த பிறகு, தேர்விலும் ஐந்து மதிப்பெண் கணக்குகளுக்கு முன்பே இந்தப் பகுதியை எழுதிவிடலாம்.

அப்பா என்ன பேசுவது? ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-ல் இஸ்ரேல் மாணவர்களிடம் நடத்திய ஆய்வு இங்கே உதவும். குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் குறிப்பால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண் பக்கத்தில் இருந்தால் கண் எண்ணுக்குத்தான் போகிறது. அதனால் அப்பா படத்தில் ஆசிரியர் குறிப்பை மட்டும் வெட்டியெடுத்து மகளுக்கு அனுப்பி, "வகுப்புல ஆர்வமா பதில் சொல்றேன்னு டீச்சர் எழுதியிருக்காங்களே, எந்தப் பாடத்துல பாப்பா?" என்று பேச்சைத் தொடங்கினார். கணக்கைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். இப்போது அவள் வரைந்த படத்தை அனுப்பினால், "சூப்பர்" என்பதோடு விடாமல், "எந்த இடத்துல சிக்குச்சு, எப்படிச் சரி பண்ணின?" என்று கேட்கிறார். தான் செய்ததை அவளே சொல்லும்போது, பாராட்டு அவள் செய்த வேலையைத் தொடுகிறது.

ஒரு மாதம் கழித்து அதே அரையாண்டு வினாத்தாளை வீட்டில் கடிகாரம் வைத்து எழுதச் சொல்வது அடுத்த படி. கடைசிப் பகுதி நிரம்பி, ஐந்து மதிப்பெண் பகுதி 20-லேயே நின்றால் காரணம் நேரமல்ல, பழைய பாடங்கள் மறந்துபோயிருக்கின்றன. அப்போது கணக்கு ஆசிரியரிடம் போக வேண்டும். ஐந்து பாடமும் ஒருசேரச் சரிந்திருக்கும் அட்டைக்கு இந்த வழி உதவாது. அங்கே வருகைப் பதிவு, கண் பார்வை, தூக்கம், வீட்டுச் சூழல் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அட்டையில் கையெழுத்துப் போடுவதற்கு முன், மதிப்பெண் குறைந்த பாடத்தின் விடைத்தாளைக் கேட்டு வாங்கி, எந்தப் பகுதி காலியாக இருக்கிறது என்று பாருங்கள்.