ஒரே கேள்விக்கு முந்நூறு முறை காசு

இரத்தினபுரியில் மழைக்காலக் காலை என்றால் எல்லா வீடுகளிலும் ஒரே கேள்விதான்: "இன்றைக்கு ஸ்கூல் இருக்கா?" களு கங்கை பெருகினால் நகரத்துப் பாதைகள் மூடிவிடும். தோட்டப்புறத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மண்சரிவுப் பயம் வேறு. காலை ஆறு மணியிலிருந்து அலுவலகத் தொலைபேசி ஓயாமல் அடிப்பதைப் பார்த்து, உயர்தர தகவல் தொடர்பாடல் தொழினுட்ப வகுப்பு மாணவிகள் நால்வர் சேர்ந்து ஒரு சட்பொட் செய்தோம். பெற்றோர் கைத்தொலைபேசியில் கேள்வியை எழுதினால் அது பதில் சொல்லும்.

ஒரு மாதத்துக்கென்று ஸேர் கட்டிய பணம் ஒன்பது நாளில் முடிந்துவிட்டது. பதில் வரவும் ஒன்பது, பத்து விநாடிகள் ஆயின. வாப்பாவிடம் சொன்னேன். "யாவாரம் நடக்குது, ஆனா லாபம் இல்லை எண்டா கணக்குப் புத்தகத்தைத் திற" என்றார். திறந்தோம்.

சட்பொட்டுக்குப் பின்னால் உள்ள மொழி மாதிரி எதையும் தானாக நினைவில் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு கேள்வியோடும், "நீ இந்தப் பாடசாலையின் உதவியாளர், நேர அட்டவணை இது, விதிகள் இவை" என்ற முழு அறிவுறுத்தலையும் நாம் மறுபடி அனுப்ப வேண்டும். காசு டோக்கன் கணக்கில் போகிறது. டோக்கன் என்பது சொல்லின் ஒரு துண்டு. எங்கள் அறிவுறுத்தல் 2400 டோக்கன், பெற்றோரின் கேள்வி ஏறக்குறைய 20. மழை பெய்த ஒரு காலையில் 300 கேள்விகள் வந்தால், கேள்விகளுக்கு 6000 டோக்கன். ஒரே அறிவுறுத்தலைத் திரும்பத் திரும்ப அனுப்பியதற்கு 720,000. நாங்கள் காசு கொடுத்தது கேள்விகளுக்கு அல்ல, எங்கள் வளவளப்புக்கு.

இதில் தமிழுக்கென்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. கணினியில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் 'க'வுக்கு மூன்று பைட், 'கி' என்றால் ஆறு. துண்டாக்கும் அட்டவணையில் தமிழ்ச் சொற்கள் குறைவாக இருந்தால், ஒரு சொல் பல சிறு துண்டுகளாகச் சிதறிவிடும். 2024 மே மாதம் GPT-4o வெளியானபோது ஓபன்ஏஐ நிறுவனமே ஓர் ஒப்பீட்டைக் காட்டியது. ஒரு சிறு அறிமுக வாக்கியம் பழைய அட்டவணையில் தமிழில் 116 டோக்கன், புதியதில் 35. அதே வாக்கியம் ஆங்கிலத்தில் 27 ஆக இருந்து 24 ஆனது. நிலைமை நன்றாகவே திருந்தியிருக்கிறது, ஆனாலும் தமிழ் இன்னும் விலை கூடியதுதான்.

ஆகவே முதலில் கத்தரித்தோம். விதிகளை ஆங்கிலத்தில் எழுதி, பதிலை மட்டும் தமிழில் தரச் சொன்னோம். யாரும் கேட்காத சீருடை விதிகள், மூன்று இடத்தில் சொல்லியிருந்த "கனிவாகப் பேசு", அனுமதிக் கையேட்டின் முன்னுரை எல்லாம் போயின. 2400 என்பது 1200 ஆயிற்று. ஒவ்வொரு முறை வெட்டிய பிறகும் பழைய கேள்விகள் நாற்பதை மறுபடி கேட்டுப் பார்த்தோம். நல்லவேளை பார்த்தோம். "தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்" என்ற வரியை வீண் என்று தோழி ஒருத்தி நீக்கியிருந்தாள். சட்பொட் இல்லாத ஒரு பஸ்ஸுக்கு நேரம் சொல்லத் தொடங்கியது. அந்த வரி திரும்பி வந்தது.

தாமதம் மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. காரணம், மாதிரி நாம் அனுப்புவதை ஒரே மூச்சில் வாசிக்கிறது, பதிலையோ ஒவ்வொரு டோக்கனாக எழுதுகிறது. காத்திருப்பின் பெரும்பகுதி எழுதும் நேரம். "இரண்டு வாக்கியத்துக்குள் பதில் சொல்" என்று ஒரு வரி சேர்த்ததும் ஒன்பது விநாடி மூன்றானது.

அடுத்தது பதுக்கு நினைவகம். பாடப் புத்தகத்தில் செயலிக்குப் பக்கத்தில் இருப்பதாகப் படிக்கிறோமே, அதே எண்ணம்தான்: அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது. 2024 ஒக்டோபரில் ஓபன்ஏஐ இதைத் தன் சேவையில் தானாகவே நடக்கும்படி செய்தது. அண்மையில் அனுப்பிய உரையின் தொடக்கமே மீண்டும் வந்தால், அந்தப் பகுதிக்கு அப்போது பாதி விலை. உரை 1024 டோக்கனாவது இருக்க வேண்டியிருந்தது, அதற்கு மேல் 128, 128 ஆகப் பொருந்தியது. ஐந்து, பத்து நிமிடம் யாரும் கேட்காவிட்டால் பதுக்கியது பெரும்பாலும் மறைந்துவிட்டது. மழைக்காலை எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ஆனால் ஒரு வாரமாகப் பாதி விலை சரியாகக் கிடைக்கவில்லை. பதிலோடு வரும் கணக்கில் `cached_tokens` என்ற இடத்தில் பெரும்பாலும் 0. தேடிப் பார்த்தால், அறிவுறுத்தலின் முதல் வரியில் நான்தான் "இப்போது நேரம் 6.12" என்று போட வைத்திருந்தேன். ஒப்பீடு முதல் டோக்கனிலிருந்து வரிசையாக நடக்கும், மாறிய இடத்தோடு நின்றுவிடும். என் நேரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறியதால் அதற்குப் பின்னால் இருந்த எல்லாம் ஒவ்வொரு நிமிடமும் புதிதாகத் தெரிந்தது. நேரத்தையும் அன்றைய அறிவித்தலையும் கடைசிக்குக் கொண்டுபோனோம். 0 இருந்த இடத்தில் 1152 வந்தது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கைக் கணக்கு இருக்கிறது. இன்னும் வெட்டி 1000 ஆக்குவோம் என்றாள் தோழி. 1000 என்றால் 1024ஐத் தொடாது, முழு விலை. 1200 என்றால் 1152க்குப் பாதி, அதாவது 576, மீதி 48க்கு முழு விலை, மொத்தம் 624. நீளமானதுதான் மலிவு. மிகவும் வெட்டி 624க்குக் கீழே போனால் மட்டுமே அவள் சொன்னது சரியாகும், அந்த அளவுக்கு வெட்ட எங்களிடம் வீண் வரிகள் மிச்சமில்லை.

பிறகுதான் துணிச்சல் கூடியது. ஒரே கேள்வி முந்நூறு முறை வருகிறதென்றால் மாதிரியிடம் ஏன் கேட்க வேண்டும்? முதல் பதிலையே ஒரு மணி நேரம் சேமித்து மற்றவர்களுக்கும் கொடுத்தால் செலவும் இல்லை, தாமதமும் இல்லை. செய்தோம். கேள்விகளை எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டால் பாதிகூடப் பொருந்தவில்லை. "ஸ்கூல் இருக்கா", "பாடசாலை உண்டா" என்று ஒவ்வொரு உம்மாவும் ஒவ்வொரு மாதிரி எழுதுவார். கருத்தை ஒப்பிட்டால் "இன்றைக்கு"ம் "நாளைக்கு"ம் ஒன்றாகிவிடும் அபாயம் இருந்தது. அதனால், பலரும் எழுதும் வடிவங்களை நாங்களே பட்டியலிட்டுப் பொருத்தினோம்.

ஒரு காலை 6.05க்கு யாரோ கேட்டார்கள். "வழமைபோல் நடைபெறும்" என்று பதில். 6.40க்கு மழை கூடி, விடுமுறை அறிவித்தலை ஆசிரியை பதிந்தார். சட்பொட் 7.05 வரை பழைய பதிலையே, மிக வேகமாக, காசில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. தோட்டத்திலிருந்து வரும் பத்தாம் தரப் பிள்ளை ஒருத்தி, தம்பியையும் கூட்டிக்கொண்டு பிரதான பாதை வரை நனைந்து நடந்து வந்து, பஸ் இல்லாமல் திரும்பிப் போயிருக்கிறாள். மண் சரியும் இடம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு மணி நேரத்தைப் பத்து நிமிடமாக்கினால் போதாது, அந்தப் பத்து நிமிடத்திலும் ஒருத்தி புறப்படலாம். பதில் எந்த அறிவித்தலை நம்பி வந்ததோ, அதன் இலக்கத்தையும் சேமிப்புச் சாவியில் சேர்த்தோம்:

```python
key = str(notice_no) + ":" + clean(question)
```

ஆசிரியை புதிய அறிவித்தலைப் பதிந்த கணமே இலக்கம் மாறும். பழைய பதில்களின் சாவிகள் பொருந்தாமல் போகும், அடுத்த கேள்வி மாதிரியிடம் புதிதாகச் செல்லும். பெயரோ சுட்டெண்ணோ வரும் கேள்விகளை நாங்கள் சேமிப்பதேயில்லை. ஒருவரின் பிள்ளையைப் பற்றிய பதில் இன்னொருவருக்குப் போய்விடக் கூடாது.

இப்போது ஒரு மாதப் பணம் மாதம் முடியும் வரை தாங்குகிறது. அந்தப் பிள்ளையின் அம்மா மட்டும் இன்னும் அலுவலகத்துக்குத்தான் போன் எடுக்கிறார்.